ஊருக்குப் போகும்போது போட்டுக்கலாம் என்று குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வரும் குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில்: "ஊருக்குப் போகும்போது போட்டுக்கலாம்னு இருந்தோம் டாக்டர்." காய்ச்சலுக்குக் காட்ட வந்தவர்களிடம் ஊசி அட்டையைக் கேட்டால்தான் இது வெளியே வருகிறது.

அண்மையில் வந்தது 11 மாதக் குழந்தை. திருநெல்வேலி பக்கம் பிறந்தது. பிறந்தவுடன் போட வேண்டியவையும் ஆறாவது வார ஊசிகளும் போட்டாகிவிட்டன. அதன் பிறகு வீடு மாற்றினார்கள். அட்டை அங்கேயே நின்றுவிட்டது. பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதத் தட்டம்மை ஊசி எதுவும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்து போகவில்லை. பொங்கலுக்குப் போனபோது குழந்தைக்குச் சளி.

அவர்களை நிறுத்தி வைத்தது இரண்டு தவறான நம்பிக்கைகள். முதலாவது, ஆரம்பித்த இடத்தில்தான் முடிக்க வேண்டும், வேறு ஊரில் முகவரிச் சான்று, ரேஷன் கார்டு கேட்பார்கள் என்பது. கேட்க வேண்டியதில்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் எந்த ஊர்க் குழந்தைக்கும் இலவசம். பிறந்த ஊர் அட்டையோடு போங்கள், போடுவார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது: "இடைவெளி விழுந்துருச்சே, முதல்லேர்ந்து போடணுமாமே!" வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டா ஊசியின் முதல் தவணை கற்றுக்கொடுத்ததை உடம்பு ஒன்பது மாதத்தில் மறந்துவிடாது. அடுத்த ஊசி இரண்டாவதாகவே கணக்கில் வரும். இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி உண்டு, பெண்டாவுக்கு அது நான்கு வாரம். அதிகபட்சம் என்று எதுவும் இல்லை. அரசில் ஆரம்பித்ததைத் தனியாரிலும், தனியாரில் ஆரம்பித்ததை அரசிலும் தொடரலாம். அப்படியானால் தாமதம் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள். ஊசி போடாத மாதங்களில் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்கோ வயது வரம்பே உண்டு. ஒரு வயது தாண்டினால் அரசு மையத்தில் ஆரம்பிக்க மாட்டார்கள். தனியாரில் வரம்பு இன்னும் குறுகல்.

அந்தக் குழந்தையை அடுத்த புதன்கிழமை அவர்கள் வீட்டுக்கு அருகிலிருந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ஒரே நாளில் தட்டம்மை-ருபெல்லா, இரண்டாவது பெண்டா, நியூமோகாக்கல், போலியோ ஊசி, கூடவே போலியோவும் ரோட்டாவும் சொட்டாக. "ஒரே நாள்ல நாலு ஊசியா?" என்று பாட்டி அதிர்ந்து போனார். வேறு வேறு இடத்தில் போட்டால் ஒன்றும் ஆகாது, பாட்டி. நான்கு வாரம் கழித்து மூன்றாவது பெண்டா. அதிலிருந்து ஆறு மாதம் கழித்து டிபிடி பூஸ்டர், அதோடு இரண்டாவது தட்டம்மை ஊசி. அப்போது வயது ஒன்றரை, அட்டவணைக்குள்ளேயே வந்துவிடும்.

ஏன் புதன்கிழமை? தமிழ்நாட்டில் அதுதான் ஊசி நாள். தட்டம்மை ஊசி மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால் ஒரு குழந்தைக்காக உடைக்கத் தயங்குவார்கள். வெள்ளிக்கிழமை போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் நர்ஸம்மா மேல் கோபப்படாதீர்கள். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள், அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான U-WIN-இல் தேடுங்கள், அல்லது தெருவிலுள்ள அங்கன்வாடியில் கேளுங்கள். அங்கன்வாடிதான் பெரும்பாலும் வேகமான வழி.

தனியார் போகிறீர்களா, போங்கள். டைபாய்டு, சின்னம்மை, மஞ்சள்காமாலை-ஏ போன்றவை அரசு அட்டவணையில் இல்லை; வேண்டுமென்றால் அங்கேதான். ஆனால் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரிலுள்ள கார்ட்டூனைப் பார்க்காதீர்கள், குளிர்பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் குறித்து வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நல்ல கிளினிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். உறைந்துபோன பெண்டா வேலை செய்யாது, அதைப் போட்டுக்கொண்ட குழந்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. (வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஊசி மருந்து வைத்திருந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன்.)

போட்டதும் அட்டையில் மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி எழுதி வாங்குங்கள். "ஊசி போட்டாச்சு" என்று மட்டும் எழுதினால் அடுத்து போடுபவருக்கு அது ஐந்து நோய்க்கானதா, போலியோவும் சேர்ந்த ஆறு நோய்க்கானதா என்று தெரியாது. U-WIN-இல் எல்லாத் தனியார் கிளினிக்குகளும் ஏற்றுவதில்லை, அதனால் அட்டைதான் சாட்சி. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இருவர் போனிலும் வையுங்கள். அட்டை தொலைந்து, பதிவும் எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், போடாததாகவே எடுத்துக்கொண்டு போட்டுவிடுவோம். ஒரு ஊசி கூடுதலானால் பெரிய கெடுதல் இல்லை.

வீட்டுச் சாமான் ஏற்றும்போது அந்த அட்டையை மட்டும் லாரியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. வந்து இறங்கிய முதல் வாரமே புதன்கிழமை எங்கே போகலாம் என்று விசாரித்துவிடுங்கள்.