ரோவாஸ்: விளம்பர வருவாய் விகிதம்

விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்பதைச் சொல்லும் எண்தான் ரோவாஸ். ‘ரிட்டர்ன் ஆன் ஆட் ஸ்பெண்ட்’ என்பதன் சுருக்கம். போட்ட முதலுக்குக் கிடைத்த பலனைச் சொல்லும் ஆர்.ஓ.ஐ.க்கு உறவுக்காரச் சொல் என்றாலும் அது லாபத்தைப் பார்க்கும். இது விற்பனையோடு நின்றுவிடும். அதனால் ‘விளம்பர லாபம்’ என்று எழுதுவது தவறு. ‘விளம்பர வருவாய் விகிதம்’ சரியாக வரும், வருவாய் உண்மையிலேயே வந்திருந்தால்.

சிக்கல் அங்கேதான். மெட்டாவின் விளம்பரப் பக்கத்தில் Purchase ROAS என்று ஓடும் எண், பெரும்பாலும் வாடிக்கையாளர் ஆர்டரை முடித்து ‘நன்றி’ பக்கத்துக்கு வந்ததுமே பதிவாகிவிடுகிறது. கேஷ் ஆன் டெலிவரியில் அந்த நேரத்தில் ஒரு பைசாகூடக் கைமாறியிருக்காது. தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பார்சல் வாங்கும் வி.பி.பி.யில் புத்தகம் வரவழைத்த காலத்திலும் வாங்காமல் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பணம் வரும்வரை அது முடிந்த விற்பனை ஆகாது. இப்படித் திரும்பும் பார்சலைக் கூரியர்காரர்கள் ஆர்.டி.ஓ. என்பார்கள். வண்டி லைசென்ஸ் ஆபீஸ் அல்ல, ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’.

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் 800 ரூபாய் சேலை விற்கும் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். விளம்பரச் செலவு 20,000 ரூபாய், வந்தது 100 ஆர்டர். திரையில் ரோவாஸ் 4. அதில் 70 கேஷ் ஆன் டெலிவரி. போன் செய்து கேட்டதில் 7 பேர் வேண்டாம் என்கிறார்கள். 21 பார்சல் திரும்பி வருகிறது. மிச்சம் 72 சேலை, 57,600 ரூபாய். ரோவாஸ் 2.88.

சேலையின் அடக்கவிலை 500, கூரியர் 70 போக ஒன்றுக்கு 230 நிற்கும். திரையை நம்பினால் 23,000 வந்து, விளம்பரம் போக 3,000 லாபம். உண்மையில் 72 சேலைக்கு 16,560தான். திரும்பிய 21 பார்சலுக்குப் போக வர 130 வீதம் 2,730 போகிறது. விளம்பரச் செலவையும் கழித்தால் 6,170 ரூபாய் நஷ்டம். மடிப்புக் கலைந்து வந்த சேலையை இதில் சேர்க்கவே இல்லை.

இதைவிட மோசம், யாருக்கு விளம்பரம் காட்டுவது என்று முடிவு செய்யும் மெட்டாவின் இயந்திரமும் அதே எண்ணைப் பார்த்துத்தான் படிக்கிறது. சும்மா ஆர்டர் போட்டுவிட்டுக் கதவைத் திறக்காதவரும் அதற்கு நல்ல வாடிக்கையாளர்தான். அவரைப் போன்றவர்களையே இன்னும் தேடிப் பிடித்து வரும்.

எனவே திரையில் தெரிவதை ‘விளம்பர ஆர்டர் விகிதம்’ என்றும், பணம் கைக்கு வந்தபின் போடுவதை ‘விளம்பர வருவாய் விகிதம்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். இரண்டாவதைப் போடும்போது திரும்பிய பார்சலை, அது வந்து சேர்ந்த நாளில் அல்ல, ஆர்டர் விழுந்த நாளின் விற்பனையிலிருந்து கழித்து, அந்த நாளின் விளம்பரச் செலவால் வகுக்க வேண்டும். பார்சல் போய்த் திரும்பச் சில வாரம்கூட ஆகும் என்பதால், இந்த வாரத்து எண்ணை இந்த வாரமே முடிவு செய்ய முடியாது.