தாமிரத்தில் காணாமல்போன 12 ஜூல்

"உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளைப்போலத் திரிகின்றன என்று படிக்கிறோம். அப்படியானால் உலோகத்தைச் சூடாக்கும்போது அவையும் தங்கள் பங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இயற்பியலாளர்களையே கால் நூற்றாண்டுக்கு மேல் தடுமாற வைத்த கேள்வியும்கூட.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் தாமிரம் என்பது 63.5 கிராம். அதன் அணுக்கள் அதிர்வதற்காக வாயு மாறிலி Rஇன் மூன்று மடங்கு, 3R, அதாவது ஒரு கெல்வினுக்கு 24.9 ஜூல் வாங்க வேண்டும். அணுவுக்கு ஒரு கட்டற்ற எலக்ட்ரான் வீதம் இன்னொரு மோல் 'எலக்ட்ரான் வாயு' அதற்குள் இருக்கிறது. ஓரணு வாயுவுக்கு உரிய 3R/2 அதற்கும் சேர வேண்டும், அது 12.5 ஜூல். மொத்தம் 37.4. அறை வெப்பநிலையில் தாமிரத்தை அளந்தால் கிடைப்பதோ 24.4. எலக்ட்ரான்கள் அங்கே இருப்பதற்கான அடையாளமே இல்லை.

1900இல் பால் ட்ரூடே முன்வைத்த எலக்ட்ரான் வாயுக் கொள்கைக்கு இது பெரிய குறையாக நின்றது. மின்சாரத்தைக் கடத்தும்போது எல்லா எலக்ட்ரான்களும் ஆஜராகின்றன, வெப்பத்தைப் பங்கிடும்போது ஒன்றுமே வருவதில்லை. 1926இல் பெர்மியும் டிராக்கும் தனித்தனியே எலக்ட்ரான்களுக்கான புள்ளியியலைத் தந்தார்கள். அடுத்த ஆண்டே சோமர்ஃபெல்ட் அதை உலோகத்தில் பொருத்தி இந்த முடிச்சை அவிழ்த்தார்.

முதல் படி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பௌலியின் தவிர்க்கைத் தத்துவப்படி ஓர் ஆற்றல் நிலையில் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இருக்க முடியாது. ஒரு கனமீட்டர் தாமிரத்தில் 8.5×10²⁸ கடத்தும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. கீழிருந்து ஒவ்வொரு நிலையாக நிரப்பிக்கொண்டு போனால், கடைசி எலக்ட்ரான் 7 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் போய் உட்காரும். இதுதான் பெர்மி ஆற்றல், E_F. இதை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் ஏறத்தாழ 81,600 கெல்வின், இது பெர்மி வெப்பநிலை T_F. இதன் பக்கத்தில் அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் அளவான kT வெறும் 0.026 எலக்ட்ரான் வோல்ட்.

இங்கே ஒரு தவறான புரிதல் அடிக்கடி நுழைகிறது: எலக்ட்ரான்கள் 'உறைந்து' கிடப்பதால்தான் வெப்பம் வாங்குவதில்லை என்பது. அவை உறைந்து கிடக்கவில்லை. பெர்மி விளிம்பில் இருப்பவை வினாடிக்கு சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன, பூச்சியம் கெல்வினிலும்கூட. ஓர் எலக்ட்ரானின் சராசரி ஆற்றல் 4.2 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண வாயு அந்தச் சராசரியை எட்ட வேண்டுமானால் 32,000 கெல்வினுக்கு மேல் சூடாக வேண்டும். ஆனால் வெப்ப ஏற்புத்திறன் கையிருப்பைக் கேட்பதில்லை. வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தினால் கையிருப்பு எவ்வளவு கூடுகிறது என்று மட்டும்தான் கேட்கிறது. அந்தக் கூடுதல்தான் இங்கே அற்பம்.

ஏன் அற்பம்? 3 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருக்கும் ஓர் எலக்ட்ரானுக்கு 0.026 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தால், அது போக வேண்டிய நிலையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அதனால் வாங்கவே முடியாது. விளிம்பை ஒட்டிய சில kT ஆழத்துக்குள் இருப்பவைக்கு மட்டுமே மேலே காலியிடம் உண்டு.

பெரும்பாலான பாடநூல்கள் இந்த இடத்தில் "ஆகவே kT/E_F பங்கு எலக்ட்ரான்கள் மட்டுமே பங்கேற்கின்றன" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வரியை அப்படியே நம்பினால் விடை மூன்று மடங்குக்கு மேல் குறைவாக வரும். மேலும், இந்த விஷயத்தின் அழகே அதற்கு அடுத்த அடியில்தான் இருக்கிறது.

பெர்மி விளிம்புக்கு மேலே x மடங்கு kT உயரத்தில் உள்ள ஒரு நிலை நிரம்பியிருப்பதற்கான நிகழ்தகவு 1/(eˣ+1). ஒரு kT உயரத்தில் அது 27 சதவீதம், இரண்டு kT உயரத்தில் 12 சதவீதம், ஐந்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. விளிம்புக்குக் கீழே இதே எண்கள் தலைகீழாக, காலியிடங்களாக வருகின்றன. மேலே ஏறிய ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் கீழே ஒரு துளை.

ஏறியவை எத்தனை? அந்த நிகழ்தகவை மேலே எல்லா உயரங்களுக்கும் கூட்டினால் ln 2, அதாவது 0.69 வருகிறது. விளிம்புக்கு மேல் 0.69 kT அகலமுள்ள ஒரு பட்டையை முழுதாக நிரப்பும் அளவுக்கு எலக்ட்ரான்கள் ஏறியிருக்கின்றன என்று பொருள். விளிம்பருகே ஓர் அலகு ஆற்றலுக்கு உள்ள நிலைகளின் எண்ணிக்கை 1.5 N/E_F, இதில் N மொத்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 300 கெல்வினில் பெருக்கிப் பார்த்தால், மொத்த எலக்ட்ரான்களில் 0.38 சதவீதம்தான் ஏறியிருக்கின்றன. ஆயிரத்துக்கு நான்கு பேர்.

அவை சராசரியாக எவ்வளவு உயரம் ஏறின? விளிம்புக்கு மேலே 1.19 kT. விட்டுவந்த துளைகளும் சராசரியாக அதே ஆழத்தில் இருக்கின்றன. ஆக ஓர் எலக்ட்ரானை ஏற்றிய செலவு 2.37 kT. ஒரு மோலுக்கு RT என்பது 300 கெல்வினில் 2,494 ஜூல். அதை 0.00382ஆலும் 2.37ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 22.6 ஜூல். ஒரு மோல் தாமிரத்தின் எலக்ட்ரான்கள் பூச்சியத்திலிருந்து அறை வெப்பநிலை வரை வாங்கிய வெப்பம் இவ்வளவுதான்.

இப்போது வெப்பநிலையை ஒரு சதவீதம், 3 கெல்வின், உயர்த்துங்கள். ஏறியவர்களின் எண்ணிக்கை ஒரு சதவீதம் கூடும். ஒவ்வொருவரும் ஏறும் உயரமும் ஒரு சதவீதம் கூடும். எனவே ஆற்றல் இரண்டு சதவீதம், 0.45 ஜூல், கூடுகிறது. மூன்றால் வகுத்தால் கெல்வினுக்கு 0.15 ஜூல். எதிர்பார்த்த 12.5 எங்கே, இது எங்கே! நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நேர்விகிதமும் இங்கிருந்தே பிறக்கிறது. ஆற்றல் T²ஆக வளர்கிறது, ஒரு T எண்ணிக்கைக்கு, இன்னொரு T உயரத்துக்கு. T²இன் மாறுவீதம் Tக்கு நேர்விகிதம். எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறன் C, முழு வடிவில்:

C = (π²/2) R (T/T_F) = γT

அந்த π² எங்கிருந்து குதித்தது என்று யோசிப்பவர்களுக்கு: x/(eˣ+1) என்பதை 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் π²/12. அதுதான் மேலே 0.69, 1.19 என்ற இரண்டு எண்களின் பெருக்கலாக ஒளிந்திருந்தது.

சரி, இதை அளப்பது எப்படி? அறை வெப்பநிலையில் முடியாது. தாமிரம் சூடாகும்போது விரிவடைவதற்கான திருத்தமே ஏறத்தாழ 0.7 ஜூல்; எலக்ட்ரான்களின் பங்கு அதற்குள் தொலைந்துவிடும். குளிர்விக்க வேண்டும். தாழ்ந்த வெப்பநிலையில் அணு அதிர்வுகளின் பங்கு T³ஆகச் சரிகிறது, எலக்ட்ரான்களுடையது Tஆக மெதுவாகத்தான் சரிகிறது. 10 கெல்வினில் அதிர்வுகளின் பங்கு எலக்ட்ரான்களுடையதைப்போல ஏழு மடங்கு. 3.8 கெல்வின் அருகே இரண்டும் சமம். 1 கெல்வினில் 94 சதவீதம் எலக்ட்ரான்களுடையது. 1930களில் லைடனில் திரவ ஹீலியத்தைக் கொண்டு கீசோமும் கோக்கும் வெள்ளியில் இந்த நேர்விகிதப் பகுதியை அளந்தார்கள்.

C = γT + AT³ என்பதை Tஆல் வகுத்துவிட்டால் C/T = γ + AT². T²ஐக் கிடையாகவும் C/Tஐச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால் நேர்கோடு. தாமிரத்துக்கு 2 கெல்வினில் C/T மதிப்பு 0.886 மில்லிஜூல், 4 கெல்வினில் 1.460. T² 4இலிருந்து 16க்குப் போகிறது, சாய்வு 0.574/12 = 0.0478. கோட்டைப் பின்னோக்கி T² = 0 வரை நீட்டினால் 0.886 − 0.191 = 0.695. இதுதான் γ, ஒரு மோலுக்கு, கெல்வின் வர்க்கத்துக்கு 0.695 மில்லிஜூல். சாய்விலிருந்து, அணு அதிர்வுகளின் அளவுகோலான டிபை வெப்பநிலையும் தாமிரத்துக்கு 344 கெல்வின் என்று கிடைத்துவிடுகிறது.

கோடு வரைவது எளிது, புள்ளிகளைப் பெறுவதுதான் சிரமம். 2 கெல்வினில் ஒரு மோல் தாமிரத்தை 20 மில்லிகெல்வின் சூடாக்க 35 மைக்ரோஜூல் போதும். வெளியிலிருந்து கம்பி வழியாகவோ அதிர்வாலோ ஒரே ஒரு மைக்ரோவாட் கசிந்தால் அரை நிமிடத்தில் கிட்டத்தட்ட அதே அளவு சூடாகிவிடும். அதனால் சூடேற்றக் கொடுக்கும் ஒவ்வொரு வெப்பத் துடிப்புக்கு முன்னும் பின்னும் வெப்பநிலை நகர்வதைப் பதிவுசெய்து கழித்தாக வேண்டும். குளிர்விக்கப் பயன்படுத்திய ஹீலியம் வாயு முழுதாக வெளியேறாவிட்டால், மாதிரியின் மேல் படிந்தது ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ஆவியாகி வெப்பத்தைத் தின்னும். C வீங்கித் தெரியும். வெப்பமானி, சூடேற்றி, ஒட்டும் பசை ஆகியவற்றின் பங்கை மாதிரி இல்லாமல் தனியே அளந்து கழிக்க வேண்டும்.

தவறு நடந்ததைக் கோடே காட்டிக்கொடுக்கும். இடப்பக்க முனை மேல்நோக்கி வளைந்தால் பெரும்பாலும் காந்த மாசு அணுக்கள். வலப்பக்கம் வளைந்தால் T³ விதியின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். தாமிரத்தில் 7 கெல்வினுக்கு மேல் நம்பக்கூடாது. அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி ஆகிவிடுவதால் நேர்விகிதமே மறைந்துவிடும். காந்தப்புலம் வைத்து மீக்கடத்தலை அணைத்த பிறகுதான் அளக்க வேண்டும்.

கவனித்திருப்பீர்கள்: மேலே போட்ட கணக்கு γவுக்கு 0.50 மில்லிஜூல் தருகிறது, அளவீடு 0.695 தருகிறது. 1.4 மடங்கு வித்தியாசம். இது பிழை அல்ல. படிகத்தின் அணுக்களும் அவற்றின் அதிர்வுகளும் எலக்ட்ரானைப் பற்றி இழுப்பதால் விளிம்பருகே நிலைகள் நெருக்கமாகின்றன, எலக்ட்ரான் 1.4 மடங்கு கனமானதுபோல நடந்துகொள்கிறது. இந்தத் 'தோற்ற நிறை' சில சேர்மங்களில் கட்டுமீறிப் போகும். 1975இல் சீரியம் அலுமினியச் சேர்மமான CeAl₃இல் ஆண்ட்ரஸ், கிரேப்னர், ஓட் மூவரும் அளந்த γ 1,620 மில்லிஜூல், தாமிரத்தைப்போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். γ அவ்வளவு பெரிது என்றால் அதற்கேற்ற பெர்மி வெப்பநிலை பல்லாயிரங்களிலிருந்து சில பத்து கெல்வினுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். T மிகச் சிறியதாக இருந்தால்தான் நேர்விகிதம் நிற்கும் என்ற நிபந்தனையும் கூடவே இறுகுகிறது: தாமிரத்தில் அறை வெப்பநிலையிலும் செல்லுபடியாகும் அந்த விதியை CeAl₃இல் பார்க்க அவர்கள் 0.2 கெல்வினுக்குக் கீழே போக வேண்டியிருந்தது.