வால் கனத்தால் கடிகாரம் நிற்காது

சேலம் கமலாபுரம் விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். விமானத்தைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்கிறவர்கள், பயணிகள் இறங்கி முடிந்த பிறகும் பெட்டிகளை ஏற்றுவதில் நாங்கள் ஏன் இத்தனை வரிசை பார்க்கிறோம் என்று கேட்பதுண்டு. 70-க்கும் மேற்பட்டவர்கள் அமரும் இந்த விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம் இருக்கிறது. முன்புறக் கதவு பெட்டிகளுக்கானது. இந்த அமைப்புதான் விமானம் வந்து மீண்டும் கிளம்பும் வரையிலான எங்கள் 25 நிமிடங்களை ஆளுகிறது.

விமானம் நின்றதும் யாரும் ஓடிப் போய்விட முடியாது. சிவப்புச் சுழல்விளக்கு அணைந்து, விசிறி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே சக்கரங்களுக்குக் கட்டை வைப்போம், கோன்களை நிறுத்துவோம். அடுத்தது வால் முட்டு, அதாவது வால் தரையில் இடிக்காமல் தாங்க அதன் அடியில் மாட்டும் கம்பம். பயணிகள் எழுந்து பின்கதவை நோக்கி நெருங்கும்போது முன்பாதி காலியாகி எடையெல்லாம் வாலுக்குப் போகிறது. அந்த நேரத்தில் முன்அறைப் பெட்டிகளையும் இறக்கிவிட்டால் மூக்கு மேலெழும்பி வால் தரையில் உட்காரும் அபாயம் உண்டு. ஆகவே முதலில் பின்அறையைக் காலி செய்வோம், முன்அறையைக் கடைசியாகத் தொடுவோம். ஏற்றும்போது இதற்கு நேர்மாறு: முன்அறை நிறைந்த பிறகே பின்அறையும் பயணிகளும்.

மாம்பழப் பருவத்தில் ஒரு நாள் 10.40-க்கு வந்த விமானம் 11.05-க்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஏறக்குறைய எல்லோரும் பழப்பெட்டி கொண்டுவந்திருந்தார்கள் (சேலத்துக்காரர்கள் வெறுங்கையோடு உறவினர் வீட்டுக்குப் போவார்களா?). 10.52-க்குப் பின்அறையருகே நின்ற டிராலியிலிருந்து, முன்அறைக்கென எடைக் கணக்குத் தாளான லோட் ஷீட்டில் குறித்திருந்த 14 பெட்டிகளைப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அவசரத்தில் பின்னாலேயே அடுக்கிவிட்டார். பெட்டிகளின் மொத்த எண்ணிக்கை சரியாகவே இருந்ததால் தாளைப் பார்த்த எவருக்கும் தவறு தெரியவில்லை. பயணிகள் ஏறத் தொடங்கியபோது, தரைக்கு மேல் சிறு இடைவெளியோடு தொங்க வேண்டிய வால் முட்டு தரையில் அழுந்தி நிற்பதை நான் பார்த்தேன். உடனே ஏறுவதை நிறுத்தச் சொன்னேன். அறைவாரியாக எண்ணிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

பெட்டிக்கு 12 கிலோ என்றாலும் 168 கிலோ தவறான இடத்தில். லோட் ஷீட்டில் எழுதியிருப்பதை நம்பியே விமானி எடைமையத்தைக் கணக்கிட்டு, மேலெழும்புவதற்கான அமைப்பைச் சரிசெய்கிறார். எடை பின்னால் இருந்தால் ஓடுபாதையில் மூக்கு அவர் எதிர்பார்ப்பதற்கு முன்பே எழ முயலும். தாளைத் திருத்தி அப்படியே அனுப்பலாமே என்று ஒருவர் சொன்னார். திருத்திய கணக்கும் வரம்புக்குள் வர வேண்டும், அது வரவில்லை. பெட்டிகளை முன்னால் மாற்றி, எண்ணிக்கையை உரக்கச் சொல்லி ஒப்பிட்டு, எல்லோரும் அமர்ந்த பின் வால் முட்டு கழற்றப்பட்டபோது மணி 11.11. விமானம் கிளம்பியது 11.14-க்கு.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் எண்ணிக்கையை மொத்தமாகக் கேட்பதில்லை. முன்அறை எத்தனை, பின்அறை எத்தனை என்று தனித்தனியாகக் கேட்கிறோம்.