இலை டீயும் இறங்கிப்போன பொட்டாசியமும்

இரவில் ஒரு பை டீ, காலையில் வயிறு காலி. 'குடலைச் சுத்தம் செய்யும்' என்று விற்கப்படும் பல டீடாக்ஸ் டீக்களில் இந்த வேலையைச் செய்வது நிலாவரை இலை. டப்பாவில் சென்னா என்றோ, சீன மருந்துக் கடைகளில் ஃபான் ஷியே யே என்றோ இருக்கும். இது பழைய பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுத்தால் பெரும்பாலானோருக்குத் தொல்லையில்லை. தினமும் குடிக்கும்போதுதான் ஆபத்து.

சிங்கப்பூரின் யீஷூனில் உள்ள என் கிளினிக்குக்கு அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். கால் பிடித்திழுக்கிறது, படியேற முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "மருந்து ஒண்ணும் இல்லை டாக்டர், இலை டீதான்" என்றார். சில மாதங்களாக ஒவ்வோர் இரவும் குடித்திருக்கிறார். இசிஜி சரியாக இல்லாததால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.6 மில்லிமோல். குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

மாத்திரை சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றியது, டீ மலத்தின் வழியாக. பொட்டாசியம் இறங்கினால் கால் தசையைப் போலவே குடல் தசையும் சோர்ந்துபோகும், மலம் வராது. அவர் என்ன செய்தார்? ஒரு பைக்குப் பதிலாக இரண்டு பை போட்டார். பொட்டாசியம் இன்னும் இறங்கியது. இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம் என்பதால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

இரண்டு கிலோ குறைந்ததாகவும் அவர் சந்தோஷப்பட்டார். போனது தண்ணீர். சோற்றின் சத்தைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது, நிலாவரை வேலை செய்வதோ அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில். அப்புறம், நச்சை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும், அதற்குக் குடலைக் கழுவத் தேவையில்லை.

எனிமாவிலும் இதே கணக்குதான். வெறும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் குறையும். காப்பி எனிமாவால் குடல் வெந்து புண்ணானவர்கள் உண்டு. மருந்தகத்தில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வயதானவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

நெடுநாள் குடித்தவர்கள் டீயை நிறுத்தியதும் இரண்டு மூன்று நாள் மலம் வராமல் போகலாம். காலியான பெருங்குடல் நிரம்ப அவ்வளவு நேரம் ஆகும். பலர் பயந்துபோய் மறுபடி டீயைத் தொடுவது இந்த நாட்களில்தான். கால் வீங்கி எடையும் சற்று ஏறலாம், இழந்த நீரை உடம்பு பிடித்துவைக்கிறது. நீர் பிரிக்கும் மாத்திரையோ டிகாக்ஸின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மயக்கமோ படபடப்போ வந்தால் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.