சாப்பாட்டு மேசையில் ஒன்றும் சொல்லாதீர்கள்: வீட்டாருக்கு ஒரு கடிதம்

சர்க்கரை நோய்க்காக என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்களின் பதிவுகளில் ஒரு முரண்பாட்டை அடிக்கடிப் பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்த அளவுகள் 6.5, 6.8, 7 மில்லிமோல் என்று ஒழுங்காக இருக்கும். சாப்பாட்டுக் குறிப்பேடும் சுத்தமாக இருக்கும். ஆனால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் 8 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. மருந்து போதாமல் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகைகூட அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். அவற்றையெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகும் கணக்கு உதைத்தால், பகலில் எங்கோ எழுதப்படாத சாப்பாடு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நான் “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்பதில்லை. “வீட்டில் உங்கள் தட்டைப் பற்றி யார் யார் பேசுகிறார்கள்?” என்று கேட்பேன்.

சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டபோது, கொஞ்ச நேரம் கைப்பையின் வாரையே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வீட்ல சாப்பிட்டா ஒவ்வொரு வாய்க்கும் பதில் சொல்லணும். கீழே காப்பிக்கடையில சாப்பிட்டா யாரும் கேக்கமாட்டாங்க.” வேலை முடிந்து வந்ததும் புளோக்குக்குக் கீழே ஒரு தே, ஒரு கறிபாப். அதன்பிறகுதான் மின்தூக்கி. காப்பிக்கடை தேயில் கெட்டிப்பால், சீனி எல்லாம் சேர்த்து மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை சாதாரணமாக இருக்கும். மாலையில் ஏறும் அந்த அளவு மறுநாள் காலைக்குள் இறங்கிவிடுவதால் வெறும் வயிற்று அளவில் அது தெரியவில்லை. (அவர் அனுமதியுடன்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வீட்டில் அவருடன் கணவர், மாமியார், மகன், மகள். நால்வருக்கும் அவர்மேல் உயிர். ஆனால் அந்த அக்கறை இரண்டு திசைகளிலிருந்து வந்து ஒரே தட்டில் மோதியது. மாமியார், “இத்துனூண்டு சோறா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று இன்னொரு கரண்டி போடுவார். அதே நொடியில் மகன், “அம்மா, இது உங்களுக்கு ஆகாது” என்பான். கணவர் பேசமாட்டார், கரண்டிக் கணக்கை எண்ணிக்கொண்டிருப்பார். உபசரிப்பு ஒருபக்கம், காவல் ஒருபக்கம். இரண்டுக்கும் நடுவே அவர் பசியாற முடியாமல் எழுந்து, மறுநாள் காப்பிக்கடையில் அந்தப் பசியைத் தீர்த்துக்கொண்டார்.

2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, குடும்பத்தார் நச்சரிப்பதாகவும் தடை போடுவதாகவும் உணர்ந்த நோயாளிகள் மருந்தைக்கூடச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்டியது.  நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்த குடும்பத்தாரும் இப்படித் தொல்லை கொடுத்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே வீட்டாருக்கு இன்னும் கொஞ்சம் தகவல் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. எதைச் செய்ய வேண்டும், எதைப் பேச வேண்டாம் என்று நோயாளியே கேட்க வேண்டும். நேரில் சொன்னால் அது வாக்குவாதமாகிவிடும் என்பதால் அரைப்பக்கம் எழுதச் சொல்கிறேன். அந்த அம்மாவும் நானும் சேர்ந்து எழுதியது இது:

“என் அன்பு வீட்டாருக்கு,

நீங்க எல்லாரும் என்மேல எவ்வளவு அக்கறையா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் இதை மட்டும் செஞ்சு கொடுங்க.

சாப்பிடும்போது என் தட்டைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லவேண்டாம். ‘கம்மியா இருக்கு’ன்னும் வேண்டாம், ‘ஜாஸ்தி’ன்னும் வேண்டாம். ‘பரவாயில்லையே, நல்லா கன்ட்ரோலா இருக்கீங்க’ன்னும் வேண்டாம். இளைச்சிருக்கேனா, பெருத்திருக்கேனான்னும் சொல்லவேண்டாம்.

அத்தை, சோத்துச் சட்டியை அடுப்படியிலேயே வச்சுடலாம். எனக்கு வேணுங்கிறதை நானே போட்டுக்கறேன். உங்க கை கூட்டு ஒண்ணு தினமும் இருந்தா எனக்கு அதுவே பெரிய உதவி.

என்னங்க, தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும்போது காய்கறி இரண்டு மடங்கா வாங்கிட்டு வாங்க.

தம்பி, பாப்பா, எனக்குன்னு தனியா சமைக்கவேண்டாம். எல்லாருக்கும் ஒரே சமையல்தான். உங்களுக்குப் பிடிச்சதை எனக்காக விடவேண்டாம். பிஸ்கட், முறுக்கெல்லாம் மேசைமேல வைக்காம அலமாரிக்குள்ள வச்சா போதும்.

மெஷின்ல வர்ற அளவை நான் காட்டினா பாருங்க, நீங்களா கேக்காதீங்க. தீபாவளிக்கு நான் ஒரு ஜிலேபி சாப்பிட்டா அது எனக்குத் தெரிஞ்சு சாப்பிட்டதுன்னு நினைச்சுக்குங்க.

ஒரே ஒரு சமயத்தில மட்டும் நீங்க தாராளமா குறுக்க வரலாம். அதைப் பின்னால எழுதியிருக்கேன்.”

பாராட்டையும் ஏன் வேண்டாம் என்கிறோம் என்று பலரும் கேட்கிறார்கள். இன்று பாராட்டுகிறவர் நாளையும் தட்டைப் பார்க்கிறார் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியும். நாளை ஒரு கரண்டி கூடினால் அந்த மௌனமே குறையாகப் பட்டுவிடும். பாராட்டும் கண்காணிப்புதான்.

காய்கறி வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு மீன், கோழி, பருப்பு போன்றவை. அந்த வீட்டில் ஐந்து பேருக்கு 300 கிராம் பயற்றங்காய் பொரியல் செய்துகொண்டிருந்தார்கள். சமைத்த காய்கறி ஏறக்குறைய 100 கிராம்தான் ஒரு பரிமாறல். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கே 500 கிராம் வேண்டும். 300 கிராமில் யாருடைய தட்டும் பாதி நிரம்பாது. நிரம்பாத இடத்தைச் சோறு பிடித்துக்கொள்ளும். “காய் நிறையச் சாப்பிடு” என்று அவருக்குத் தினமும் அறிவுரை கிடைத்தது. சட்டியில் காய் கிடைக்கவில்லை. கணவர் வாங்கும் பை கனத்ததும் அந்தப் பேச்சுக்கே தேவையில்லாமல் போனது.

பின்பக்கத்தில் எழுதியது சர்க்கரை திடீரென்று இறங்குவதைப் பற்றி. அவர் மெட்ஃபார்மினோடு கிளிப்பிசைட்டும் எடுக்கிறார். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அளவு ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிப்பிசைட் வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இறங்கிவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். மெஷினில் 4-க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். அது 15 கிராம் சர்க்கரை. 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்து, இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. அளவு ஏறிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ரொட்டி போல ஏதாவது கொஞ்சம் கொடுக்கலாம்.

முன்பெல்லாம் அரை டின் குளிர்பானம் கொடுங்கள் என்போம். இப்போது இங்கே விற்கும் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். ஏ, பி, சி, டி என்று தரம் போடும் நியூட்ரி-கிரேட் முறை 2022 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது. ஏ தரப் பானத்தில் 100 மில்லிக்கு ஒரு கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்காது. அன்றாடத்துக்கு அது நல்லது. சர்க்கரை இறங்கிய நேரத்தில் அது உதவாது. அதனால் சீனி டப்பாவையே நம்புங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 995-ஐ அழையுங்கள்.

இந்தப் பகுதி இல்லாமல் எந்தக் கடிதத்தையும் நான் அனுப்புவதில்லை. எப்போது தலையிட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் மற்ற நேரங்களில் வீட்டாரால் சும்மா இருக்க முடிகிறது. இந்த வீட்டில் மகனின் பதற்றத்தைத் தணித்தது இந்தப் பத்திதான்.

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கொடுக்க வேண்டாம் என்றேன். உறவினர் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம். சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் ஆளுக்கொரு கைவைத்தியத்தோடு வந்துவிடுவார்கள். ஞாயிறு காலை பசியாறிய பிறகு அவரே வாசித்துக் காட்டினார். மாமியாருக்கு முதலில் முகம் சுருங்கியது என்றார். தம் கையால் பரிமாறுவதை மருமகள் வேண்டாம் என்கிறாளே என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கூட்டு வரி வந்ததும், “நாளைக்குப் பூசணிக்கா இருக்கா?” என்று கேட்டாராம். கரண்டியை வாங்கிக்கொள்ளும்போது கையில் வேறொரு வேலையைக் கொடுக்க வேண்டும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு.

எல்லாருக்கும் இந்தக் கடிதம் பொருந்தாது. காரணமில்லாமல் எடை குறையும் முதியவர், மறதி நோய் உள்ளவர், வளரும் பிள்ளை ஆகியோரின் தட்டைக் கவனிக்கத்தான் வேண்டும். சாப்பிட்டதை வாந்தியெடுப்பவர், நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர், கட்டுப்பாடில்லாமல் அள்ளித் தின்றுவிட்டு அழுகிறவர் வீட்டில் இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவின் எச்பிஏ1சி 8.4-இலிருந்து 7.7-க்கு வந்திருந்தது. பொதுவாக நாங்கள் வைக்கும் இலக்கு 7. இன்னும் கொஞ்சம் போக வேண்டும். மருந்து மாறவில்லை. காப்பிக்கடைக்கு இப்போதும் போகிறார், ஆனால் பாலும் சீனியும் இல்லாத தே-ஓ கோசோங். கறிபாப் வாரம் ஒருநாள், அதையும் குறிப்பேட்டில் எழுதுகிறார். குறிப்பேடும் மெஷினும் ஒத்துப்போவதால் எனக்கும் எங்கே உதவலாம் என்று தெரிகிறது.

வீட்டில் என்ன மாறவில்லை என்று கேட்டேன். “எல்லாரும் வாயை மூடிட்டாங்க. அவர் கண்ணைத்தான் மூடமாட்டேங்கிறார்” என்றார். கணவர் இன்னும் கரண்டியை எண்ணுகிறாராம். கடிதத்தின் அடுத்த படியில் அவருக்கு ஒரு வரி கூட்டினோம்: “என்னங்க, நான் சாப்பிடும்போது என் தட்டைப் பார்க்காம, இன்னைக்கு வேலையில என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”