டிஸ்டார்ஷன், விக்னெட்டிங்: உருத்திரிபும் ஓரமங்கலும்

படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் Enable Profile Corrections என்ற கட்டத்தில் டிக் போட்டதும் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. வளைந்த கோடுகள் நிமிர்கின்றன, இருண்ட மூலைகள் வெளுக்கின்றன. கூடவே படத்தின் ஓரத்தில் கொஞ்சம் காணாமல் போகிறது. இந்த மூன்றாவதற்கு யார் காரணம் என்பதை டிஸ்டார்ஷன், விக்னெட்டிங் என்ற இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்டார்ஷனின் வேர் லத்தீன். 'டார்குவேரே' என்றால் முறுக்குதல். நம்மிடம் அதே செயலுக்குத் 'திரித்தல்' இருக்கிறது. கயிறு திரிக்கிறோம், விளக்குத் திரியும் அதில் பிறந்ததுதான். இயல்பு மாறுவதையும் அதே சொல் குறிக்கும்: பால் திரிகிறது, புணர்ச்சியில் எழுத்து திரிகிறது. அதனால் 'உருத்திரிபு' என்பதே எனக்குச் சரியான சொல்லாகப் படுகிறது. 'சிதைவு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. சிதைந்ததை மீட்க முடியாது, திரிந்ததைத் திரும்ப முறுக்கி நேராக்கலாம். ப்ரொஃபைல் எனப்படும் லென்ஸ் திருத்தக் கோப்பு செய்வதும் அதைத்தான்.

விக்னெட்டின் கதை வேறு. பிரெஞ்சில் 'வீன்யெ' என்றால் திராட்சைக்கொடி, விக்னெட் என்றால் சின்னக் கொடி. பழைய புத்தகங்களில் பக்க ஓரத்தில் வரைந்த கொடி அலங்காரத்துக்கு அந்தப் பெயர். நம் சிற்பிகள் சொல்லும் கொடிக்கருக்கு போன்ற ஒன்று. பிறகு சட்டமில்லாமல் ஓரம் கரைந்து தாளோடு கலக்கும் ஓவியத்துக்கும், அப்படி அச்சிட்ட உருவப்படத்துக்கும் அப்பெயர் சென்றது. கடைசியில் லென்ஸால் படத்தின் மூலை இருள்வதைக் குறித்தது. இன்றைய பொருளில் கொடியும் இல்லை, அலங்காரமும் இல்லை. 'ஓரமங்கல்' என்றால் போதும்.

ஓரமங்கலைத் திருத்தும்போது மென்பொருள் எந்தப் புள்ளியையும் நகர்த்துவதில்லை, மூலையின் வெளிச்சத்தை மட்டும் பெருக்குகிறது. மூலை இரண்டு ஸ்டாப் இருண்டிருந்தால், அதாவது வெளிச்சம் இருமுறை பாதியாகியிருந்தால், நான்கு மடங்கு பெருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்த படத்தின் மூலையில் 6400-க்கு உரிய மணல்மணலான இரைச்சல் தெரிவது அதனால்தான். இதில் வெட்டு எதுவும் கிடையாது.

படத்தைக் குறுக்குவது உருத்திரிபுத் திருத்தம். அகலக்கோண லென்ஸில் பெரும்பாலும் வருவது பீப்பாய்த் திரிபு. நடுவிலிருந்து விலக விலகப் பிம்பம் உள்வாங்கிப் போவதால் நேர்கோடு வெளிப்பக்கமாகப் புடைக்கும். இதைத் திருத்த ஓரத்துப் புள்ளிகளை வெளியே தள்ள வேண்டும், மூலையை எல்லாவற்றையும்விட அதிகமாக.

6000×4000 புள்ளிகள் உள்ள படத்தை எடுத்துக்கொள்வோம். நடுப்பகுதியின் அளவு மாறாமல் மூலை 5 விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது, தள்ளும் விகிதம் நடுவிலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று வைப்போம். அப்போது மேல்விளிம்பின் நடுவில் ஏறத்தாழ 30 புள்ளிகளும், பக்கவிளிம்பின் நடுவில் 95-உம், மூலையில் பக்கவாட்டில் 130-உம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் கோப்பின் அளவு அதே 6000×4000தான். அளவைப் பார்த்து இழப்பைக் கண்டுபிடிக்க முடியாது. டிக்கை எடுத்துப் போட்டு மூலையில் நிற்பவரின் தோளைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கிராப் என்பதற்குச் 'செதுக்கு' என்ற சொல் நிலைத்துவிட்டது. செதுக்குபவர் எங்கே வெட்டுவது என்று தானே முடிவு செய்கிறார், நேர்கோட்டில் வெட்டுகிறார். இங்கே போவதோ நடுவில் குறைவாகவும் மூலையில் மிகுதியாகவும் வளைந்து போகிறது. இதை 'விளிம்பிழப்பு' என்று தனியே சொல்வது நல்லது.

தூரத்துக் காட்சியை அருகே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் அடிக்கடி வரும் மெத்தைத் திரிபில் நடப்பது தலைகீழ். ஊசி குத்திவைக்கும் மெத்தைபோல மூலைகள் இழுபட்டு நிற்பதால், திருத்தும்போது அவற்றை உள்ளே இழுக்க வேண்டும். அப்போது மூலையில் வெற்றிடம் விழும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்குவார்கள், அதில் விளிம்பின் நடுப்பகுதி போகும்.

கண்ணாடி வழியே பார்க்கும் டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் திருத்தாத காட்சியைத்தான் காட்டும். கண்டது கணினியில் குறையும். மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் திருத்தக் குறிப்பு, சென்சாரின் மூலத் தரவைத் தாங்கும் ரா கோப்பிலேயே பதிந்திருக்கும், திரையும் திருத்திய காட்சியையே காட்டும். கேனன் ஆர்எஃப் 16மிமீ எஃப்/2.8 போன்ற லென்ஸ்கள் இந்தத் திருத்தத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. அதன் ரா கோப்பைத் திருத்தமின்றித் திறந்தால் இன்னும் அகலமான, மூலை கறுத்த, புடைத்த படம் வரும்.

குடும்பப் படங்களுக்கு நான் Distortion ஸ்லைடரை 100-இலிருந்து 30, 40-க்கு இறக்கிவிடுவேன், Vignetting-ஐத் தொடமாட்டேன். பின்னால் தூணோ கதவோ இல்லையென்றால் மிச்சமிருக்கும் வளைவு யார் கண்ணிலும் படாது. வரிசையின் கடைசியில் நிற்கும் சித்தியின் முகம் அகலமாக இழுபடாமலும் இருக்கும், அவர் கை முழுதாகப் படத்துக்குள் வரும்.