போனில் கொடுத்த வாக்கு: அந்த அழைப்பின் பதிவைக் கேட்டு வாங்குவது எப்படி?

"இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் ஏறாது" என்று விற்பனைப் பிரதிநிதி போனில் சொல்கிறார். அதை நம்பி ஒருவர் இணைய இணைப்பை மாற்றிக்கொள்கிறார். ஏழாவது மாதம் பில் கூடிப்போய் வருகிறது. கேட்டால், "ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்கிறார்கள். அன்று பேசியதற்குச் சாட்சி அந்த அழைப்பின் ஒலிப்பதிவு. அதுவோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

அதைக் கேட்டு வாங்கும் உரிமை மிகத் தெளிவாக எழுதப்பட்டிருப்பது ஜிடிபிஆர் எனப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில். இது 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் பிரிட்டன் இதே உரிமையைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. இதன் 15ஆவது பிரிவுப்படி, ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலை நாம் கேட்கலாம். நம் பெயரோடும் எண்ணோடும் சேர்த்து வைத்திருக்கும் குரல் பதிவும் அப்படிப்பட்ட தகவல்தான். முதல் நகல் இலவசம். கோரிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கையானால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்பதையும் அதன் காரணத்தையும் முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தன் பல் மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்க நினைத்த ஒரு நோயாளி சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்ட வழக்கில், 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை உறுதி செய்தது. காரணம் சொல்லாமலே கேட்கலாம், எதிர்த்து வழக்காடத்தான் கேட்டாலும் முதல் நகல் இலவசமே என்பது அந்தத் தீர்ப்பு.

நடைமுறையில் பலர் தோற்பது உரிமை இல்லாமல் அல்ல, தாமதத்தால். பதிவுகளை நிறுவனங்கள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் கணினி தானாகவே அழித்துவிடும். புகார்ப் பிரிவு "விசாரிக்கிறோம்" என்று வாரக்கணக்கில் இழுக்கும்போது அந்தக் கெடு ஓசையில்லாமல் தாண்டிப் போகலாம். அதனால் புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காமல், முதல் நாளே இரண்டு கடிதங்களாக அனுப்புவது நல்லது. ஒன்று புகார்ப் பிரிவுக்கு. மற்றொன்று தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு. அவரது முகவரி நிறுவனத்தின் தனியுரிமை அறிவிப்பில் இருக்கும், பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதும் பெரும்பாலும் அதிலேயே தெரியும்.

அந்த இரண்டாவது கடிதத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு. சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, நிறுவனத்துக்கு இனி ஒரு தகவல் தேவையில்லை என்றாலும், சட்டப்படியான உரிமையை நிலைநாட்ட நமக்கு அது தேவைப்பட்டால், அதை அழிக்காமல் தனியே நிறுத்தி வைக்கக் கோரலாம். இந்தக் கோரிக்கைக்கு மட்டும் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மார்ச் 4 அன்று காலை 11.10 மணிக்கு உங்கள் எண்ணிலிருந்து என் எண்ணுக்கு வந்த, சுமார் 14 நிமிடம் நீடித்த அழைப்பின் ஒலிப்பதிவையும், அது தொடர்பாக உங்கள் ஊழியர்கள் எழுதிய குறிப்புகளையும், எழுத்து வடிவம் ஏற்கெனவே இருந்தால் அதையும் 15ஆவது பிரிவின்படி கோருகிறேன். இந்த அழைப்பில் தரப்பட்ட உறுதி குறித்து உரிமை கோர இருப்பதால், 18ஆவது பிரிவின்படி இவற்றை அழிக்காமல் வைக்கவும் கோருகிறேன்."

தேதி, நேரம், இரு எண்கள், கால அளவு ஆகிய நான்கும் முக்கியம். வாடிக்கையாளர் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் பதிவு அகப்படாமல் போகலாம், ஏனென்றால் விற்பனை அழைப்பு வந்த நேரத்தில் அந்த வாடிக்கையாளர் எண்ணே உருவாகியிருக்காது. பதிவு போன் எண்ணின் கீழ்தான் கிடக்கும். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதுவும் நாளடைவில் மறைந்துவிடும். பேசியவர் வெளி கால் சென்டர் ஊழியர் என்பது தப்பிக்கக் காரணம் ஆகாது. நிறுவனத்தின் சார்பில் அவர்கள் பேசியிருந்தால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனமே. பல நிறுவனங்களின் இணைப்புகளை விற்கும் சுயேச்சையான இடைத்தரகர் என்றால் இருவருக்கும் எழுதுங்கள்.

பதிவு வந்ததும் முதலில் அதன் நீளத்தைப் பாருங்கள். நம் உதாரணத்தில் அழைப்புப் பட்டியல் 14 நிமிடம் என்கிறது, வந்த கோப்போ 9 நிமிடம்தான். ஐந்து நிமிடம் எங்கே போனது? கோப்பின் முடிவில் பிரதிநிதி, "சரிபார்ப்புப் பிரிவுக்கு மாற்றுகிறேன்" என்கிறார். அழைப்பு மாற்றப்பட்டால் பதிவு இரண்டு கோப்புகளாகப் பிரிவது வழக்கம். இரண்டாவதை யாரும் தேடவில்லை. "கட்டணம் மாறாதுதானே?" என்று வாடிக்கையாளர் கேட்டு, "மாறாது" என்று பதில் வாங்கியது அந்த இரண்டாவதில்தான். விடுபட்ட நிமிடங்களைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினால் பெரும்பாலும் தேடிப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு சிறு இடைவெளி மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். கார்டு எண்ணைச் சொல்லும் நேரத்தில் பாதுகாப்புக்காகப் பதிவை நிறுத்தி வைப்பது பல இடங்களில் நடைமுறை.

எழுத்து வடிவம் வேறு விஷயம். ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம். இல்லாததைப் புதிதாகத் தட்டச்சு செய்து தரும்படி பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது. ஒலிக்குப் பதிலாக எழுத்தை மட்டும் தருகிறோம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "மாறாது" என்பதும் "மாறாது என்று நினைக்கிறேன்" என்பதும் தட்டச்சில் ஒன்றாகிவிடக்கூடும், தானியங்கி மென்பொருள் எழுதியதென்றால் ஒரு "இல்லை"யே விழுந்துபோகலாம். ஒலியை வாங்கி, தேவையான பகுதியை நிமிடக் குறிப்போடு நீங்களே எழுதிப் புகாரில் சேருங்கள்.

"எங்கள் ஊழியரின் குரலும் இருக்கிறது, தர முடியாது" என்ற பதில் அடிக்கடி வரும். மற்றவர் உரிமையைப் பாதிக்கக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது, உண்மைதான். அதற்காக மொத்தமாக மறுத்துவிட முடியாது. அடுத்தவரைப் பற்றிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். உங்களோடு பேசிய பேச்சையே ஊழியர் உங்களிடமிருந்து மறைக்க வேண்டிய காரணம் அரிது.

"பதிவே இல்லை" என்று சொன்னால், அழிக்கப்பட்டதா, எடுக்கவே இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். அழிக்கப்பட்டது என்றால் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகு அழித்திருந்தால் நிலைமையே வேறு. தகவல் வெளிவருவதைத் தடுக்கும் நோக்கத்தோடு அழிப்பது பிரிட்டனில் அந்நாட்டின் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி குற்றம். ஊழியர் தன் சொந்த மொபைலில் பேசியிருந்தால் நிறுவனத்திடம் பதிவு உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்போது கணினிக் குறிப்புகள், அன்றே வந்த குறுஞ்செய்தி, நீங்கள் அழைப்பு முடிந்ததும் எழுதி வைத்த குறிப்பு ஆகியவைதான் கைகொடுக்கும்.

ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லை என்றால் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் முறையிடலாம். கட்டணம் ஏறியதற்கான பரிகாரம் அங்கே கிடைக்காது, அதற்கு அந்தத் துறையின் குறைதீர்ப்பாளரிடம் தனியாகப் போக வேண்டும். அவரிடம் கொடுக்கும் புகாரில் கோரிக்கை அனுப்பிய தேதியையும் பதில் வராததையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 11ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அது தகவலின் சுருக்கத்தைப் பெறும் உரிமையைத்தான் பேசுகிறது, நகலை அல்ல. அங்கே கடிதத்தில் பதிவைக் கேட்டுவிட்டு, மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடும்போது அந்தப் பதிவைக் கொண்டுவர உத்தரவிடும்படி மனுவிலேயே கேட்பதுதான் வழி.